லேபிள் மாறும்போது படக் கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடுகிறீர்கள்?

குழுவினருக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழும் ஊறுகாயும் இணையத்தில் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றின் படக் கோப்புகளை நான் கவனித்து வருகிறேன். படம் எடுப்பவர், திருத்துபவர், தளத்தில் ஏற்றுபவர் ஆகிய மூவரும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், 01_RAW, 02_EDIT, 03_UPLOAD என்று மூன்று ஃபோல்டர்கள் வைத்து, ஏற்றுபவருக்கு மூன்றாவதை மட்டும், அதுவும் பார்க்கும் உரிமையோடு மட்டும் திறந்துவிட்டிருக்கிறோம். கேமரா தரும் எண் 9999-க்குப் பிறகு மீண்டும் 0001-இலிருந்து தொடங்கிவிடும் என்பதால், கோப்புகளைக் கணினியில் இறக்கும்போதே பெயரை மாற்றிவிடுகிறோம். 850 கிராம் டின்னின் முன்பக்கப் படம் இவ்வாறு இருக்கும்:

```
PULP-0850_front_v04.jpg
```

final என்ற சொல்லுக்கு முழுத் தடை. அதை அனுமதித்தால் final2 தானாக வந்துவிடுகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டின்னின் லேபிள் மாறியதும் புதிய படங்கள் v01-இலிருந்து தொடங்கின. பழைய லேபிளின் v04 பெரிய எண்ணாக இருந்ததால், அதுவே அண்மையது என்று கருதி ஏற்றிவிட்டார்கள். பதிப்பு எண் திருத்தத்தைக் காட்டுமே தவிர, டின்னின் தோற்றத்தைக் காட்டாது. ஆகவே லேபிளுக்குத் தனிக் குறி சேர்க்க எண்ணுகிறேன்:

```
PULP-0850_L2_front_v01.jpg
```

பழைய லேபிள் சரக்கு தீரும்வரை L1 படங்களும் தேவைப்படுவதால், அவற்றை உடனே வேறு ஃபோல்டருக்கு நகர்த்த இயலாது. இந்த இடைக்காலத்தில் இரண்டையும் 03_UPLOAD-இலேயே வைக்கிறீர்களா, அல்லது புதிய லேபிளுக்குத் தனிப் பொருள் குறியீடே கொடுத்துவிடுகிறீர்களா? நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.