23 ரெப்போ இருந்தும் அழைப்பு வரவில்லை: இணைப்பைத் திறந்து பார்க்கிறார்களா?

மழைத்துளி: பின்தள நிரலாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். பைத்தான், போஸ்ட்கிரெஸ், மெதுவான வினவல்களைச் சீராக்கிய அனுபவம் ஆகிய மூன்றையும் கேட்டிருந்தார்கள். மூன்றையும் செய்திருக்கிறேன். ரெஸ்யூமேயின் உச்சியில் கிட்ஹப் முகவரியும் இருக்கிறது. ஆனாலும் அழைக்கவில்லை. பக்கத்தின் இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன்.

கோடைக்காற்று: பச்சைக் கட்டங்கள் குறைவாகத் தெரிகின்றன. தினமும் ஒரு கமிட்டாவது போடுங்கள். வெறிச்சோடிய பக்கத்தை யாரும் நம்புவதில்லை.

பழையகணக்கு: விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலையில் ஒரு பகுதி. கட்டங்களை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. ஃபோர்க்கில் போட்ட கமிட் அதில் சேராது. தனிப்பட்ட ரெப்போவில் செய்த வேலையும் நீங்கள் அனுமதித்தால்தான் தெரியும்.

உங்கள் பக்கத்தைத் திறந்தேன். மேலே பின் செய்த ஆறில் வானிலைச் செயலி, கால்குலேட்டர், இரண்டு ஃபோர்க்குகள். அறிவிப்பு கேட்டதற்குப் பொருந்தும் ஆர்டர் மேலாண்மை ரெப்போ வெகு கீழே கிடக்கிறது. அதிலும் `Initial commit` என்று ஒரே கமிட், `README.md` இல்லை. நீங்கள் எழுதியதா, எங்கிருந்தோ எடுத்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? சில நிமிடங்களில் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன்.

வினவலைச் சீராக்கியதாக ரெஸ்யூமேயில் சொல்லும் அதே வரியில், அந்த ரெப்போவின் இணைப்பைக் கொடுங்கள். எந்த வினவல் மெதுவாக இருந்தது, எந்த இன்டெக்ஸ் போட்டீர்கள், அதனால் எது மோசமானது என்று `README.md`-இல் எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வெண்புறா: என் வேலை முழுவதும் அலுவலக நிரல். வெளியே காட்ட முடியாது. அப்படியானால் எனக்கு வாய்ப்பே இல்லையா?

பழையகணக்கு: அலுவலக நிரலைத் தொடவே வேண்டாம். அதே சிக்கலைப் போலித் தரவில் சிறிதாக மறுபடி உருவாக்குங்கள். இணைப்பே இல்லாதவர்களையும் நாங்கள் அழைத்திருக்கிறோம்.

நெடுஞ்சாலை: எங்கள் இடத்தில் முதல் சுற்றில் இணைப்பை யாரும் திறப்பதில்லை. ரெஸ்யூமேயில் தேறியவர்களுடையதை மட்டும் நேர்காணலுக்கு முந்தைய நாள் பார்த்து, அதிலிருந்தே கேள்வி கேட்போம்.

மழைத்துளி: செய்துவிட்டேன். 2,00,000 வரிசைகள் உள்ள அட்டவணை:

```sql
CREATE INDEX ON orders (customer_id, created_at);
```

`EXPLAIN ANALYZE` முன்பு `Seq Scan` காட்டியது, இப்போது `Index Scan` காட்டுகிறது. புதிய ஆர்டர்களை மொத்தமாக ஏற்றுவது சற்று மெதுவானதையும் எழுதிவிட்டேன். ஒரே கமிட்டாக இருப்பதைப் பல நாள் வேலைபோலப் பிரித்துவிடவா?

பழையகணக்கு: கூடாது. தேதிகளை மாற்றியது தெரிந்தால் மற்றதையும் நம்ப முடியாது. கணினியில் வைத்திருந்ததை ஒரே நாளில் ஏற்றியதாகச் சொல்லிவிடுங்கள். இந்த இன்டெக்ஸைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

மழைத்துளி: சரி. கால்குலேட்டரை அழித்துவிடவா?

கோடைக்காற்று: அழிக்க வேண்டாம், பின்னை மட்டும் எடுங்கள்.