முதல் இரண்டு வரிக்குள் வராத செய்தி

நிலாவெளி போட்காரன்: வாடை தொடங்கின கிழமை. புறாத்தீவுக்குப் போட் விட முடியாது என்று முதல் நாள் மாலையே இன்ஸ்டகிராமில் போட்டேன். விடிய ஒரு குடும்பம், இரவு ரயிலில் வந்து, ஆட்டோ பிடித்துக் கரையில் நிற்கிறது. சின்னப் பிள்ளை நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி. அந்த அம்மா போனை நீட்டினா: "நிலாவெளிக் கடலின் இனிய காலை வணக்கம் உறவுகளே! புறாத்தீவின் பவளப்பாறைகள் உங்களை…" அதோடு more. "நாளை போட் ஓடாது" கீழே கிடந்தது. அழைத்ததும் நான்தான், திருப்பி அனுப்பியதும் நான்தான்.

உப்புவெளி ரூம்: 125 எழுத்துக்குள் சொல்லிவிட்டால் போதும் அண்ணை. உங்கள் வணக்கம்தான் நீளம்.

டைப்செட்டிங் தம்பி: அந்த 125 ஆங்கிலத்துக்குத்தான் ஓரளவு சரி. தமிழில் "கொ" எண்ணிக்கையில் இரண்டு, திரையிலோ மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். வெட்டு விழுவது ஏறத்தாழ இரண்டு வரி முடிகிற இடத்தில். முதல் வரியின் தலையில் கணக்கின் பெயரும் உட்கார்ந்துகொள்ளும். அண்ணையின் பெயர் நீளம், பாதி வரி அதற்கே போகும். வெற்று வரி விட்டால் அதுவும் ஒரு வரிதான். நான் "ஒன்று இரண்டு மூன்று" என்று வரிசையாக எழுதிப் போட்டுப் பார்த்தேன். என் போனில் ஒன்பது தாண்டித்தான் வெட்டியது. பெரிய எழுத்து வைத்திருக்கும் அம்மாவின் போனில் ஆறோடு சரி. அன்றிலிருந்து முக்கியமான சொல்லை முதல் ஐந்து சொல்லுக்குள் வைக்கிறேன்.

கருவாட்டுக்கடை அக்கா: எனக்கும் இதே கரைச்சல். வாட்ஸப்பில் விலைப்பட்டியல் நீளமாக அனுப்பினால் பாதியில் நிற்கிறது. கட்டாப் பாரை விலை கேட்டு ஒவ்வொருத்தராகக் கோல் எடுக்கினம்.

உப்புவெளி ரூம்: அக்கா, அது வேறு கதை. அண்ணை, ஒன்று செய்யுங்கள், செய்தியைப் படத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. கேப்ஷனை யாரும் வாசிப்பதில்லை, படத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நான் எல்லா அறிவிப்பையும் அப்படித்தான் போடுகிறேன்.

டைப்செட்டிங் தம்பி: போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தில் எழுதியதைத் திருத்த முடியாது. மறுநாள் கடல் அடங்கினால் என்ன செய்வீர்கள்?

நிலாவெளி போட்காரன்: இப்போது இப்படி எழுதுகிறேன்: "நாளை போட் ஓடாது. கடல் சரியில்லை." வணக்கம் கடைசியில்.

டைப்செட்டிங் தம்பி: "நாளை" வேண்டாம் அண்ணை. பதிவு சிலருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். "ஒக்டோபர் 12 போட் இல்லை" என்று தொடங்குங்கள்.

நிலாவெளி போட்காரன்: சரிதான். போன ஞாயிறு கடல் கண்ணாடி மாதிரி. ஒருத்தரும் வரவில்லை. அதற்கும் இந்த "நாளை"தான் காரணமோ?