கலைச்சொல்: டெய்லர் மீதிக்கு நாம் போடும் உறுதியான வரம்பை என்னவென்று சொல்வது?

குணவதி, சுங்கை சிப்புட்

வணக்கம். இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஆறாம் படிவக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் மலாயில் நடந்தாலும் தமிழில் விளக்கினால்தான் அவர்களுக்கு மனதில் நிற்கிறது. e^x-க்குப் பதிலாக ஆறாம் படிப் பல்லுறுப்புக்கோவையை எடுத்துக்கொண்டால், விட்டுப்போனதை ‘மீதி’ என்கிறேன். அந்த மீதி இதைத் தாண்டாது என்று முன்கூட்டியே சொல்லும் எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும். ‘மீதி எல்லை’ என்றேன். பிள்ளைகள் உடனே x பூச்சியத்தை நெருங்கும்போது வரும் எல்லையை நினைத்துக்கொண்டார்கள்.

ரவி, கிள்ளான்

தனிச்சொல் எதற்கு அக்கா? விட்ட முதல் உறுப்புதான் பிழை. sin-க்கு நான் எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். ‘விடுபட்ட உறுப்பு’ என்றே சொல்லலாம்.

மாணிக்கம், ஈப்போ

தம்பி, sin-க்கு அது பொருந்தும். அங்கே உறுப்புகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வந்து சிறுத்துக்கொண்டே போகின்றன. e^x-இல் x = 1 வைத்துப் பாருங்கள். 0.0002-க்குள் துல்லியம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் படியோடு நிறுத்தினால் விட்ட முதல் உறுப்பு 1/5040, அதாவது 0.000198. உங்கள் விதிப்படி தேறிவிடும். ஆனால் கூட்டுத்தொகை 2.718056, e-யோ 2.718282. வித்தியாசம் 0.000226. கேட்ட துல்லியம் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த உறுப்புகள் எல்லாம் நேர்க்குறி என்பதால் அவையும் சேர்ந்துகொண்டன.

1797-இல் லக்ராஞ்சு தந்த மீதி வடிவத்திலிருந்து கிடைப்பது இது:

```
|R_n(x)| ≤ M · |x|^(n+1) / (n+1)!
```

R_n(x) என்பது n-ஆம் படியோடு நிறுத்தினால் வரும் மீதி. M என்பது 0-க்கும் x-க்கும் இடையில் (n+1)-ஆம் வகைக்கெழுவின் அளவு, குறியை விட்டுப் பார்த்தால், எந்த இடத்திலும் தாண்டாத எண். ரவியின் விதி, 0-இல் அந்த வகைக்கெழு என்னவோ அதையே M ஆக எடுத்துக்கொள்கிறது. e^x ஏறிக்கொண்டே போவதால் 0-இல் 1 ஆக இருப்பது 1-இல் e ஆகிவிடுகிறது. M = 3 போட்டால் ஆறாம் படிக்கு வரம்பு 0.000595, போதாது. ஏழாம் படிக்கு 3/40320, அதாவது 0.000074. ஆகவே ஏழாம் படி வேண்டும்.

ரவி

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் e-யைக் கணக்கிடவே e தெரிய வேண்டுமா? 3 எங்கிருந்து வந்தது?

மாணிக்கம்

நல்ல கேள்வி. தொடரின் உறுப்புகளை 1 + 1 + 1/2 + 1/4 + 1/8 … என்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டாவதன் கூட்டுத்தொகை சரியாக 3. நம் தொடரில் 1/6, 1/24 என்று இன்னும் சிறிதாக இருப்பதால் e அதற்குக் கீழேதான் நிற்கும். e-யின் மதிப்பு தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

செல்வம், தைப்பிங்

நான் செம்பனை ஆலையில் லோரித் தராசுப் பக்கம் வேலை செய்கிறேன். தராசு எடையை முழுமையாக்கித்தான் காட்டும், அதற்கும் இவ்வளவு தாண்டாது என்று ஒரு அளவு உண்டு. அதைத்தான் கேட்கிறீர்களா? அங்கே நாங்கள் பிழைக்கு மலாயில் ‘ராலாட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மாணிக்கம்

அது வேறு, செல்வம். உங்கள் தராசில் வருவது இலக்கங்களை முழுமையாக்குவதால். இங்கே ஒவ்வொரு உறுப்பையும் பிசகில்லாமல் கணக்கிட்டாலும் மீதி இருக்கும், ஏனென்றால் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டோம். கணினியில் இரண்டும் சேர்ந்தே வரும். 0.0002 என்ற மொத்த ஒதுக்கீட்டில் முழுமையாக்கலுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

சிவகௌரி, யாழ்ப்பாணம்

நாங்கள் பிழைக்கு ‘வழு’ என்போம், அதனால் ‘வழு உச்சம்’ எண்டு சொல்லலாமே?

குணவதி

உச்சம் என்றால் பிழை அந்த இடத்தைத் தொட்டே தீரும் என்று நினைத்துவிடுவார்கள், சிவகௌரி. ஐயாவின் கணக்கில் 0 முதல் 1 வரை எங்கே பார்த்தாலும் ஆறாம் படியின் பிழை 0.000226-ஐத் தாண்டவில்லை, வரம்போ 0.000595. அதைத் தொடவே இல்லை. நாளைக்கு ஒருவர் M-ஐ 2.72 என்று இறுக்கினால் வரம்பு 0.00054 ஆகும், பிழை அப்படியே இருக்கும். வரம்பு நாம் போடுவது, பிழை தானாக இருப்பது. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. ‘மீதி மேல்வரம்பு’ எப்படி?

சிவகௌரி

மேல்வரம்பு நல்லது. ஆனால் மீதி எதிர்க்குறியாகவும் வரும். ‘மேல்’ எண்டால் ஒரு பக்கம்தான் கட்டுப்பட்டது போல இருக்கு. e^x-இலேயே x = −1 எண்டு எடுத்தால் குறி படிக்குப் படி மாறும்.

மாணிக்கம்

அங்கே M = 1 போதும், ரவியின் விதியும் பொருந்திவிடும். சிவகௌரி சொல்வதும் சரி. ‘மீதி அளவின் மேல்வரம்பு’ என்றால் குறி நீங்கிவிடும், சொல் நீண்டுவிடும். நான் ‘மீதிக்கூரை’ பக்கம். வகுத்தலில் மீதி என்ற சொல் ஏற்கெனவே பழகியது, கூரை தலையில் இடிக்காமலும் இருக்கலாம்.

ரவி

கூரையை ஏற்கெனவே எண்ணை மேல் முழுவெண்ணாக்கும் சார்புக்குச் சிலர் வைத்திருக்கிறார்கள் ஐயா.

குணவதி

இப்போதைக்குப் பலகையில் ‘மீதி மேல்வரம்பு’ என்றே எழுதி, பக்கத்தில் |R_n| என்று குறியில்லாத அளவைக் காட்டுகிறேன். இன்னொன்று பாக்கி: M-க்கும் ஒரு பெயர் வேண்டும். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் அங்கேதான். x-ஐ 2 வரை விரித்தாலும் பழைய 3-ஐயே போட்டுவிடுகிறார்கள், அங்கே e^2 = 7.39. ‘வகைக்கெழு வரம்பு’ என்றால் இடைவெளி முழுவதற்கும் என்பது அதில் தெரியவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.