மேற்கு அறை யார் பங்கு? 46 பத்திரங்களை ஏஐ மாடலிடம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

காரைக்குடி பத்திரக்கட்டு:

அப்பா காலத்திலிருந்து பத்திரம் எழுதும் குடும்பம் எங்களுடையது. போன மாதம் வந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இதே மாதிரி செய்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தேவகோட்டைப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இரண்டாங்கட்டுக் கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கும் செலவை அறைக்காரர்கள் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. அப்போதுதான், மேற்குப் பக்கத்து அறை யார் பங்கு என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை என்பது தெரிந்தது. ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரம் வந்தது. எண்ணினால் 46, ஏறக்குறைய 410 பக்கம். கையெழுத்துப் பத்திரங்களை நாங்களே தட்டச்சு செய்தோம், மற்றதை ஸ்கேன் செய்து திருத்தினோம்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் 300 சொல் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்களாக மாற்றும் எம்பெடிங் போட்டு, கேள்விக்கு நெருக்கமான ஐந்து துண்டுகளை மட்டும் மாடலுக்குக் கொடுத்தேன். மேற்குப் பக்கத்து அறை என்று நான் கேட்க, பத்திரத்தில் இருப்பதோ "மேல்புற அறை". வந்த ஐந்தில் இரண்டு துண்டு மேல்மாடியைப் பற்றியவை. 1938 பாகப்பிரிவினையிலிருந்து சரியான துண்டும் ஒன்று வந்தது: "மேற்படி மேல்புற அறையை 2வது நபர் அடைந்துகொள்ள வேண்டியது". அந்த 2வது நபர் யார் என்பது பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் வரவில்லை. ஐந்தில் இன்னொன்று 1944 அடமானப் பத்திரம். அதிலும் ஒரு 2வது நபர் இருந்தார். மாடல் அவர் பெயரை எடுத்து ஒட்டி, தயக்கமில்லாமல் பதில் சொல்லிவிட்டது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. 1952-ல் ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம், 4ஆம் பக்கம் 11ஆம் வரியில் "மேல்புறம்" என்றிருப்பதைக் "கீழ்புறம்" என்றும், 14ஆம் வரியில் "கீழ்புறம்" என்றிருப்பதை "மேல்புறம்" என்றும் திருத்தி வாசித்துக்கொள்ளவும் என்பதுதான். அறை என்ற சொல்லே கிடையாது, ஆள் பெயரும் கிடையாது. எந்தத் தேடலில் அது மேலே வரும்?

சரி என்று 46-ஐயும் மொத்தமாக உள்ளே கொடுத்தேன். மாடல் எழுத்தைத் துணுக்குத் துணுக்காக எண்ணும் டோக்கன் கணக்கில், நான் வைத்திருந்த மாடலுக்கு அது ஆறு லட்சம். இரண்டு லட்சம் எல்லையுள்ள மாடலில் நுழையவே இல்லை, பத்து லட்சம் கொள்ளும் மாடலுக்குப் போனேன். இந்த முறை 1952 திருத்தத்தைப் பிடித்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் முடிவு தப்பு. 1961-ல் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவரும், 1983-ல் வேறொரு வீட்டை விற்ற அவருடைய பேரனும் ஒரே பெயர், ஒரே விலாசம். நம் பக்கத்தில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதானே வழக்கம். மாடல் இருவரையும் ஒருவராக்கி, அந்த அறை விற்கப்பட்டுவிட்டது என்றது. அதை நம்பியிருந்தால் பங்காளிகளுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கோட்டையூர் ரயிலடி:

அண்ணே, துண்டு போடுற வேலையெல்லாம் மாடல் சின்னதா இருந்த காலத்துக்கு. இப்ப பத்து லட்சம் கொள்ளுது. முழுசா கொடுத்துட்டு, இன்னும் பெரிய மாடலா மாத்திப் பாருங்க. செலவுக்குப் பயப்பட வேண்டாம், கேச் இருக்கு. ஒரு தடவை படிச்சதுக்குத் திரும்ப முழுக் காசு வாங்க மாட்டாங்க. நான் ஒரு காலேஜ் சிலபஸ் முழுக்க அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன். நல்லா வருது.

புதுவயல் ஆலைத்தெரு:

எனக்கும் இதே குழப்பம்தாங்க. எங்க ஐயா பத்திரம் 30 பக்கம். முழுசும் ஸ்கேன் பண்ணணுமா, தேவையான பக்கம் மட்டும் போதுமா? கடையில பக்கத்துக்குக் காசு கேக்குறாங்க. நடுவுல தமிழ் எண்ணு வேற வருது, அதைக் கம்ப்யூட்டர் படிக்குமா?

பள்ளத்தூர்க்காரன்:

பத்து வருஷமாகத் தேடல் மென்பொருள் வேலைதான் செய்கிறேன். புதுவயல்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பேச்சு ஸ்கேனைப் பற்றியதில்லை. ஆனாலும் ஸ்கேனை முழுசாகவே எடுங்கள், எது தேவையான பக்கம் என்பது பின்னால்தான் தெரியும். தமிழ் எண்ணைப் பெரும்பாலும் தப்பாகப் படிக்கும். சரியாகப் படித்தாலும் ௲௯௱௩௰௮ என்று இருப்பதை, 1938 என்று தேடினால் சொல் தேடல் கண்டுபிடிக்காது. இரண்டு வடிவத்தையும் தட்டச்சில் சேர்த்துவிடுங்கள்.

கோட்டையூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி. சிலபஸ் ஒன்றுதான், அதைப் பற்றிக் கேள்வி விடாமல் வருகிறது என்றால் கேச் நன்றாக உதவும். ஆனால் முன்பகுதி எழுத்துக்கு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், கேள்வி கடைசியில் வர வேண்டும். அதோடு கேச் கொஞ்ச நேரத்துக்குத்தான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு கேள்வி கேட்கும் பத்திர ஆபீஸுக்கு அதனால் லாபம் குறைவு.

செலவை விடுங்கள், சரியாக வாசிக்கிறதா என்பதுதான் இங்கே விஷயம். நீளமான உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பயன்படுத்தும் மாடல்கள் நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-லேயே ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு வந்த மாடல்கள் இதில் நிறைய தேறியிருக்கின்றன. ஆறு லட்சத்துக்குள் ஒளித்துவைத்த ஒரே ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த வரியைப் போலவே இன்னும் பத்து வரி இருந்தால்தான் தடுமாற்றம். உங்கள் பெட்டியில் ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே ஊர், "மேற்படி", "மேற்படி" என்று எல்லாமே ஒன்றைப் போல ஒன்று.

அதனால் பதில் தப்பாக வந்ததும் மாடலை மாற்றாதீர்கள். எது தப்பியது என்று முதலில் பாருங்கள். முதல் முயற்சியில் பதிலைப் படிக்கும் முன்பே அந்த ஐந்து துண்டையும் நீங்கள் படித்திருந்தால், 1952 அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். அது தேடலில் விழுந்த தப்பு, எந்த மாடலைப் போட்டாலும் பதில் வராது. இரண்டாவதில் எல்லாமே உள்ளே இருந்தும் தப்பு, ஆக அது வாசிப்புத் தப்பு. தேவையான பத்திரங்களை மட்டும் கையால் பொறுக்கிக் கொடுத்துப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால், மிச்சம் இருந்த பத்திரங்கள்தான் குழப்பின என்று அர்த்தம்.

பத்திரத்தைத் துண்டாக வெட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. 2வது நபர் யார் என்பது முதல் பக்கத்தில் இருக்கும், சொத்து விவரம் கடைசி ஷெட்யூலில் இருக்கும். நடுவில் இருக்கும் துண்டுக்குத் தனியாகப் பொருளே கிடையாது. எந்தப் பத்திரம் என்பதைத் தேடலில் கண்டுபிடியுங்கள், கண்டுபிடித்ததை முழுசாகக் கொடுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் பத்திர எண், வருஷம், எந்தப் பத்திரத்தைத் திருத்துகிறது, 1வது நபர் இன்னார், 2வது நபர் இன்னார் என்று எழுதிவிட்டு எம்பெடிங் போடுங்கள். பத்திர எண்ணை எம்பெடிங்கிடம் மட்டும் நம்பி விடாதீர்கள். அதற்கு 412-உம் 421-உம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணுக்குச் சொல்லுக்குச் சொல் பார்க்கும் தேடல்தான் சரி.

கானாடுகாத்தான் ஆச்சி:

எங்க வீட்டுச் சீர் ஏடு அஞ்சு கல்யாணத்தோடது இருக்கு. பேத்தி எல்லாத்தையும் ஏத்தி, மொத்தம் எத்தனை பித்தளை அண்டான்னு கேட்டா. ஒன்பதுன்னு வந்துச்சு. எங்கம்மா கல்யாணத்துக்கு மட்டுமே ஒன்பது, அது எனக்கே தெரியும். தம்பி சொல்றபடி முழு ஏட்டையும் கொடுத்தா சரியா வருமா?

பள்ளத்தூர்க்காரன்:

ஆச்சி, ஐந்து துண்டு மட்டும் எடுத்தால் அந்த ஐந்தில் இருப்பதைத்தான் கூட்டும். முழுசாகக் கொடுத்தால் பக்கத்தில் வரும், ஆனால் நீளமான பட்டியலில் எண்ணும்போது ஒன்றிரண்டு விடும். பேத்தியை ஒவ்வொரு பக்கமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். சாமான், எண்ணிக்கை, யார் கல்யாணம் என்று வரிவரியாக எடுத்து ஒரு அட்டவணையில் போட்டுவிட்டு, கூட்டலை அட்டவணையே செய்யட்டும்.

காரைக்குடி பத்திரக்கட்டு:

பள்ளத்தூர் அண்ணன் சொன்னபடி செய்துவிட்டு வந்தேன். 46-க்கும் பத்திரத்துக்கொரு வரி எழுதினேன்: வருஷம், பத்திர எண், வகை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், எந்த வீடு, முன் பத்திரம் எது. இரண்டு நாள் ஆனது. அந்தப் பட்டியலை மட்டும் முதலில் மாடலுக்குக் கொடுத்து, இந்த வீட்டைத் தொடும் பத்திரங்கள் எவை என்று கேட்டேன். ஒன்பது என்றது. அந்த ஒன்பதையும் வெட்டாமல், வருஷ வரிசையில் கொடுத்தேன். 60 பக்கம், 90 ஆயிரம் டோக்கனுக்குச் சற்றுக் குறைவு. பதிலில் ஒவ்வொரு படிக்கும் பத்திர எண்ணும் பக்கமும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

வந்தது இதுதான். 1938-ல் மேல்புற அறை 2வது நபருக்கு. 1952 திருத்தத்தால் அது 3வது நபருக்கு மாறுகிறது. 1961-ல் அவர் தம் பங்கு முழுவதையும் அண்ணனுக்கு, அதாவது 1938-ன் 1வது நபருக்கு விடுதலை செய்கிறார். 1961 பத்திரத்தில் அதே அண்ணன் 2வது நபர், அதையும் சரியாகப் பிரித்துச் சொன்னது. பக்கம் பக்கமாக நானே சரிபார்த்தேன், சரி. பேரன் குழப்பம் வரவில்லை, 1983 பத்திரம் உள்ளேயே இல்லையே.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. வில்லங்கச் சான்றோடு ஒத்துப்பார்த்தபோது இந்த வீட்டுக்கு ஒன்பது இல்லை, பத்துப் பத்திரம். விட்டுப்போன ஒன்றில் கதவு எண்ணே இல்லை, நான்கெல்லை மட்டும்தான். என் பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். நல்லவேளை, அது முகப்பைப் பற்றியது, அறையைத் தொடவில்லை. 46 பத்திரத்துக்கு நானே ஒத்துப்பார்க்கலாம். எங்கள் ஆபீஸ் அலமாரியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நான்கெல்லையை வைத்து வீட்டை அடையாளம் காண யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

கோட்டையூர் ரயிலடி:

அண்ணே, அதுக்குத்தான் நான் முழுசா கொடுக்கச் சொன்னேன். பட்டியல்ல விட்டுப்போனது முழுசுல விட்டுப்போகாதே.

பள்ளத்தூர்க்காரன்:

அது நியாயமான பேச்சு தம்பி. முழுசாகக் கொடுத்த முறையில் அந்தப் பத்தாவதும் உள்ளே இருந்தது. காரைக்குடி அண்ணே, இரண்டையும் ஓட்டிப் பார்ப்பீர்களா? பட்டியல் வழியாக ஒரு பதில், முழுசாகக் கொடுத்து "இந்த வீட்டைத் தொடும் பத்திர எண்களை மட்டும் சொல்" என்று ஒரு பதில். இரண்டு பட்டியலும் எங்கே வேறுபடுகிறதோ அந்தப் பத்திரத்தை நீங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கெல்லைக்கு என்னிடம் வழி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லையில் வரும் பெயரையும் அந்த வருஷத்தையும் தனி அட்டவணையில் போட்டு நான் முயன்றது ஒரு தெருவுக்கு வேலை செய்தது, அடுத்த தெருவில் நின்றுவிட்டது.

புதுவயல் ஆலைத்தெரு:

30 பக்கமும் ஸ்கேன் பண்ணியாச்சுங்க. 17ஆம் பக்கம் கிழிஞ்சிருக்கு. பதிவு அலுவலகத்துல நகல் கேட்டிருக்கேன், வந்ததும் எழுதுறேன்.