புதுப்பிப்பு: தொழிற்புரட்சி கருத்து வரைபடம்

தொழிற்புரட்சியை வகுப்பில் கருத்து வரைபடமாக வரைவது பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்: "காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று கட்டமாகப் பிரித்தால் போதுமா?"

போதவில்லை. பருத்தியை மட்டும் எடுத்து வரைந்தோம். 1733இல் ஜான் கே காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா நெசவை வேகப்படுத்தியது. பரவப் பரவ நூல் தட்டுப்பாடு. அதுவே ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தைத் தூண்டியது. அப்புறம் நூல் குவிந்தது, நெய்ய ஆள் போதவில்லை. 1785இல் கார்ட்ரைட்டின் விசைத்தறி. ஒன்றின் விளைவே அடுத்ததன் காரணம்!

அம்புக்குறி ஒவ்வொன்றிலும் வினைச்சொல் எழுதச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நன்றி. 'தூண்டியது', 'தடுத்தது' என்று எழுத முடியாத அம்பு வெறும் கோடு, அழித்துவிடலாம்.

நீராவிதான் தொடக்கம் என்றவர் பாதி சரி. இங்கிலாந்தில் ஆர்க்ரைட்டின் குரோம்ஃபோர்டு நூற்பாலை 1771இல் நீர்விசையில்தான் தொடங்கியது; நீராவி பின்னர் ஆலைகளை நகரத்துக்கு நகர்த்தியது.

நிலக்கரியைக் காரணமாக வைப்பதா, வாய்ப்பாக வைப்பதா என்று வகுப்பில் இன்னும் வாதம் நடக்கிறது.