காலையில் மட்டும் கத்தும் கேஸ் அலாரம்

செங்காங் வாசுகி: மாமியார் இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார், கேஸ் அலாரமும் சேர்ந்து அணைந்துவிடும். காலையில் காப்பி போடப் போய் சுவிட்சைத் தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் ஊளையிடும். போன வாரம் எதிர்வீட்டு மலாய்க்காரம்மா நைட்டியோடு ஓடி வந்துவிட்டார். அடுப்பே பற்றவைக்கவில்லை, சிலிண்டர் வால்வும் மூடித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. வேறு வாங்கணுமா?

ஈசூன் குமார்: எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? கேஸ் கனமானது, தரையோரம்தான் இருக்கணும். எங்கள் வீட்டில் குழாய் கேஸ், அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில். ஒருநாளும் கத்தியதில்லை.

ஜூரோங் அண்ணன்: குமார், நீங்கள் சொல்வது சிலிண்டர் கேஸுக்குச் சரி. குழாயில் வரும் டவுன் கேஸில் ஹைட்ரஜன் நிறைய, அது மேலே ஏறும். கூரையோரம் மாட்டுங்கள். கத்தாத அலாரத்தை நான் நம்பவே மாட்டேன். சிலிகோன் ஸ்பிரே பட்டால் சென்சர் மரத்துப்போகும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

வாசுகி, உள்ளே ஒரு டின் ஆக்சைடு உருண்டையும் அதைச் சூடாக்கும் ஹீட்டரும் இருக்கும். அணைந்திருக்கும்போது நம்மூர் ஈரமெல்லாம் அதில் படியும். சூடேறும்போது அதன் மின்தடை சட்டென்று இறங்கும். கேஸ் பட்டாலும் அப்படித்தான் இறங்கும், அலாரத்துக்கு வித்தியாசம் தெரியாது. நல்ல சாதனம் முதல் சில நிமிடங்களுக்கு விளக்கை மட்டும் சிமிட்டி, சத்தம் போடாமல் காத்திருக்கும். ஆனால் அந்த நிமிடங்களில் காவலும் இல்லை. அதனால் அணைக்கவே கூடாது.

பிடோக் ரவி: நான் MQ-6 கேஸ் சென்சர் வாங்கி அலாரத்தை நானே செய்தேன். சுவிட்ச் போட்டதும் சுத்தக் காற்றில் அளவெடுத்து வைத்தேன், 6 கிலோ ஓம். இப்போது லைட்டர் கேஸ் காட்டினாலும் சோம்பலாகத்தான் கத்துகிறது. வயதாகி டிரிஃப்ட் ஆகிவிட்டதோ?

ஜூரோங் அண்ணன்: டிரிஃப்ட்டும் உண்டு, மாதக்கணக்கில் மெல்ல நகரும். உங்களுக்கு நடந்தது அது இல்லை, தம்பி. புது சென்சரை ஒருநாளுக்கு மேல் சூட்டிலேயே விட்டு, பிறகு அளவெடுக்கணும். அப்போது 10 வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாதியாகக் குறைந்தால் கத்து என்று எழுதியிருந்தால் 5-லேயே கத்தணும். உங்களுடையது 3 வரை காத்திருக்கும், அதற்குள் கேஸ் நிறையச் சேர்ந்துவிடும். லைட்டர் கேஸ், அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்தான். சரியான அளவுக்குச் செறிவு தெரிந்த கேஸ் வேணும்.

தெம்பனிஸ் சாந்தி: எங்கள் வீட்டில் கரப்பான் மருந்து அடித்தாலே கத்தும். பொய் அலாரம் என்று உள்ளே திருகாணியைத் திருப்பி அடக்கிவிட்டார் என் வீட்டுக்காரர்.

ஜூரோங் அண்ணன்: ஐயையோ! பல ஸ்பிரேக்களைத் தள்ளுவதே சிலிண்டரில் இருக்கும் அதே பியூட்டேனும் புரொப்பேனும்தான். அது பொய்யில்லை, அக்கா. திருகாணியைப் பழைய இடத்துக்குக் கண்ணளவில் கொண்டுவர முடியாது, அலாரத்தையே மாற்றிவிடுங்கள்.

ஈசூன் குமார்: கடைக்காரர் தரையோரம் என்றுதான் சொன்னார்.

செங்காங் வாசுகி: சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். மாமியார் கரண்ட் பில் யார் கட்டுவது என்கிறார். அதற்கு எவ்வளவு ஆகும்?