பனீர் வடித்த தண்ணீரைப் புளிக்க வைக்க யோசனை வேண்டும்

வாராவாரம் 2 லிட்டர் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்துப் பனீர் செய்கிறேன். ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் மிஞ்சுகிறது. சப்பாத்தி மாவைத் தண்ணீருக்குப் பதில் இதில் பிசைந்தால் மிருதுவாக வருகிறது. உப்பை மட்டும் ருசி பார்த்துப் போடுகிறேன். தக்காளி சூப்பிலும் ஊற்றலாம், ஆனால் ஏற்கெனவே புளிப்பு இருப்பதால் தக்காளியைக் குறைக்க வேண்டும். கடைசியில் பால் சேர்த்தேன், திரிந்துவிட்டது. என் அவசரம்!

சிக்கல் பானத்தில்தான். இஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு இரண்டு நாள் வைத்தும் புளிப்பு ஏறவில்லை. கொதித்த பாலில் வடித்தது, தயிரில் இருக்கும் பாக்டீரியா இதில் ஏது? அடுத்த முறை நன்றாக ஆறிய பிறகு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரிலிருந்து வடிந்த நீர் இரண்டு ஸ்பூன் விட்டேன். மறுநாள் லேசான புளிப்பு, கொஞ்சம் குமிழி. அதற்கடுத்த நாள் மேலே வெள்ளை ஆடை படர்ந்து ஈஸ்ட் வாடை அடித்தது. கொட்டிவிட்டேன்.

ஒரு நாளிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவீர்களா? உப்புப் போட்டால் ஆடை படியாதா? லிட்டருக்கு எவ்வளவு? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்களேன்.